வட்டியில்லாத் தவணை: 2,400 வெள்ளி ஐஸ்பெட்டி ஒன்றின் கணக்கு

சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப்புற டவுனில் மின்சாதனக் கடைக்குள் நுழைந்தால், பொருளின் முழு விலைக்கு முன்னால் மாதத் தவணைதான் கண்ணில் படும். ஐஸ்பெட்டியின் கதவில் ஒட்டியிருக்கும் அட்டையில் 'மாதம் 200 வெள்ளி' என்பது உள்ளங்கை அகலத்துக்கு இருக்கும். பக்கத்திலேயே '12 மாதம், 0%'. 2,400 வெள்ளி என்ற முழு விலை அதற்குக் கீழே எங்கோ பொடி எழுத்தில் கிடக்கும். தீபாவளி நெருங்கினால் இந்த அட்டைகள் இன்னும் பெரிதாகும்.

வாங்க வருபவர் முதலில் செய்யும் கணக்கு சரியாகவே வரும். 200 வெள்ளியைப் பன்னிரண்டால் பெருக்கினால் 2,400. அட்டையிலும் அதே 2,400. ஒரு காசு கூடவில்லை, அப்படியானால் வட்டி இல்லை என்று மனம் ஒப்புக்கொள்கிறது. நம் ஆட்கள் கணக்குத் தெரியாமல் ஏமாறுகிறார்கள் என்று சிலர் சொல்வதை நான் ஏற்பதில்லை. கணக்கை எல்லாரும் போடுகிறார்கள். 2,400 என்ற எண்ணைத் தவணையோடு ஒப்பிடுகிறார்கள், அவ்வளவுதான். ஒப்பிட வேண்டிய எண் வேறொன்று. அது அட்டையில் இருக்காது, வாயைத் திறந்து கேட்டால்தான் வரும்.

"தம்பி, கேஷா குடுத்தா கடைசி விலை எவ்ளோ?"

"கேஷா அக்கா? 2,200-க்கு எடுத்துக்குங்க."

இந்த 200 வெள்ளி வித்தியாசத்தில்தான் வட்டி உட்கார்ந்திருக்கிறது. இன்று முழுப் பணத்தையும் கொடுப்பவருக்கு அந்த ஐஸ்பெட்டியின் விலை 2,200. ஓராண்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுபவருக்கு 2,400. பொருள் ஒன்று, கடை ஒன்று, நாளும் ஒன்று. பணம் தாமதமாக வருவதற்காக ஒருவர் கூடுதலாகக் கொடுக்கும் தொகைக்கு உலகம் முழுக்க வட்டி என்றுதான் பெயர். ரொக்கத்துக்குத் தரும் கழிவைத் தவணைக்காரருக்குத் தராமல் நிறுத்திக்கொண்டால், வட்டி என்ற சொல்லை எந்தத் தாளிலும் எழுதாமலே வாங்கிவிடலாம்.

கடைக்காரரைத் திருடர் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அவர் பக்கக் கணக்கையும் பார்த்தால்தான் விஷயம் விளங்கும். நீங்கள் தவணையில் வாங்கும்போது தவுக்கே ஓராண்டு காத்திருப்பதில்லை. வங்கியோ கடன் நிறுவனமோ அவருக்குச் சில நாட்களிலேயே பணத்தைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் 2,400 முழுசாகக் கொடுப்பதில்லை. ஒரு சதவீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்கும். அந்தச் சதவீதம் வங்கிக்கு வங்கி, கடைக்குக் கடை மாறும். தவணை மாதங்கள் கூடக் கூட அதுவும் கூடும். வங்கியின் வட்டி வருமானம் அதுதான். அதைக் கடைக்காரர் கட்டுகிறார், பிறகு விலையில் சேர்த்து உங்களிடம் வாங்கிக்கொள்கிறார். ரொக்கமாக வருபவருக்கு அந்தச் செலவு இல்லாததால்தான் அவரால் உடனே 200 வெள்ளி குறைக்க முடிகிறது. சில சமயம் பொருளைச் செய்யும் நிறுவனமே அந்தச் செலவை ஏற்றுக்கொள்ளும். அப்படிப்பட்ட சலுகையைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இனி அடுத்த பகுதி. கையெழுத்துப் போடும் நேரத்தில் இன்னொரு எண் வரும். பாரத்தில் மலாயில் 'ஃபீ பெம்புரோசெசான்' என்று ஒரு வரி. செயல்முறைக் கட்டணம், ஒரே ஒரு முறைதான், 3 சதவீதம். 2,400-க்கு 72 வெள்ளி. ஐஸ்பெட்டியை லோரியில் ஏற்றுவதாகப் பேசி முடித்த பிறகு 72 வெள்ளிக்காக யாரும் எழுந்து போக மாட்டார்கள். 'ஒருமுறைதானே', '3 சதவீதம்தானே' என்று தோன்றும்.

இந்த 3 சதவீதத்தைக் கூர்ந்து பார்க்க வேண்டும். வருட வட்டி 3 சதவீதம் என்றால் கடன் குறையக் குறைய வட்டியும் குறையும். இந்தக் கட்டணமோ முழுத் தொகைக்கும் முதல் நாளே எடுக்கப்படுகிறது. ஆறாவது மாதம் பாதிக் கடனை அடைத்துவிட்டாலும் அதில் பாதி திரும்பி வராது. ஏழாவது மாதம் கையில் பணம் வந்து மீதியை மொத்தமாகக் கட்டி முடித்தாலும் பெரும்பாலும் திருப்பித் தர மாட்டார்கள்.

இப்போது முழுக் கணக்கையும் போடுவோம். ஒரு தாளும் பேனாவும் போதும்.

ரொக்கத்துக்கு 2,200 வெள்ளிக்குக் கிடைக்கும் பொருளை எடுத்துக்கொண்டு போகிறீர்கள். அன்றே 72 வெள்ளியைக் கட்டிவிட்டீர்கள். ஆகவே உண்மையில் நீங்கள் வாங்கியிருக்கும் கடன் 2,200-இல் 72 போக 2,128 வெள்ளி. அதற்குப் பதிலாகத் திருப்பிக் கட்டப்போவது 2,400. கூடுதலாகப் போவது 272 வெள்ளி.

272-ஐ 2,128-ஆல் வகுத்தால் 13 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக வரும். பலர் இங்கேயே நிறுத்திவிடுவார்கள். ஆனால் 2,128 வெள்ளி ஓராண்டு முழுக்க உங்களிடம் இருக்கவில்லை. முதல் மாதம் 2,128 கடன் இருந்தது. மாதாமாதம் குறைந்துகொண்டே வந்து, கடைசி மாதத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 177 வெள்ளிதான் மிஞ்சியிருந்தது. இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஏறக்குறைய 1,150. அதாவது ஆண்டு முழுக்கச் சராசரியாக 1,150 வெள்ளிக் கடன்தான் உங்களிடம் இருந்தது, அதற்கு 272 வெள்ளி கொடுத்திருக்கிறீர்கள். வகுத்துப் பாருங்கள், 23, 24 சதவீதம் வரும்.

கையால் போட்ட தோராயக் கணக்கு இது. நுணுக்கமாக வேண்டுமானால் கைப்பேசியில் கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் திறந்து ஒரு கட்டத்தில் இதைத் தட்டுங்கள்:

```
=RATE(12,-200,2128)*12
```

12 என்பது மாதங்கள், 200 என்பது தவணை, 2128 என்பது கட்டணம் போன பிறகு உங்களுக்கு உண்மையில் கிடைத்த கடன். விடை 0.228 என்று வரும், அதாவது ஆண்டுக்கு 22.8 சதவீதம். கட்டணமே இல்லை என்றாலும், விட்டுப்போன 200 வெள்ளிக் கழிவு மட்டும் ஆண்டுக்கு 16.4 சதவீத வட்டிக்குச் சமம். 2128 இருக்கும் இடத்தில் 2200 போட்டுப் பாருங்கள், வரும்.

22.8 என்பது எவ்வளவு பெரிய எண் என்று புரிய ஒன்றைச் சொல்கிறேன். மலேசியாவில் கிரெடிட் கார்டு பாக்கிக்கு வங்கிகள் போடும் வட்டி, ஒழுங்காகக் கட்டுபவருக்கு 15 சதவீதம், தவறுகிறவர்களுக்கு 17, பிறகு 18. பேங்க் நெகாரா வகுத்த படிகள் இவை. 'கார்டு வட்டியில் மாட்டிக்கொள்ளாதே' என்று வீட்டில் பெரியவர்கள் பிள்ளைகளுக்குச் சொல்கிறார்களே, அந்த வட்டியின் உச்சப் படியைவிட இந்தச் சுழிய சதவீதத் தவணை அதிகம்.

மாதத்தைக் குறைத்தால் வட்டி குறையும் என்று நினைத்து 6 மாதத் தவணையைக் கேட்பவர்கள் உண்டு. நல்ல எண்ணம்தான், ஆனால் இங்கே அது எதிராக வேலை செய்யும். விலை அதே 2,400, கட்டணம் அதே 72 என்றால், மாதம் 400 வீதம் ஆறு மாதத்தில் கட்டுபவரும் அதே 272 வெள்ளியைத்தான் கூடுதலாகக் கொடுக்கிறார், பாதிக் காலத்துக்கு. அவருடைய வட்டி ஆண்டுக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். சாதாரணக் கடனில் சீக்கிரம் அடைத்தால் மிச்சம். வட்டியை முதல் நாளே விலைக்குள் வைத்துவிட்ட தவணையில், சீக்கிரம் அடைப்பதால் மிச்சம் எதுவும் இல்லை.

இந்த மறைப்பு நம் ஊரில் மட்டும் நடப்பதில்லை. இந்தியாவின் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு அனுப்பிய சுற்றறிக்கையில், சுழிய சதவீத வட்டி என்று ஒன்று கிடையவே கிடையாது என்று வெளிப்படையாகச் சொன்னது. கிரெடிட் கார்டு தவணைத் திட்டங்களில் வட்டியைச் செயல்முறைக் கட்டணமாக உருமாற்றி வாடிக்கையாளரிடம் வாங்குகிறார்கள் என்றும் எழுதியது. அதோடு ஒரு வழியும் சொன்னது: பொருளுக்குக் கழிவு இருந்தால் அந்தக் கழிவை விலையில் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் கடன் கொடுங்கள், கழிவை வைத்து வட்டியைக் குறைத்ததாகக் காட்டாதீர்கள். அந்தச் சுற்றறிக்கை இந்திய வங்கிகளைத்தான் கட்டுப்படுத்தும். ஆனால் அது பரிந்துரைக்கும் முறை சுங்கை சிப்புட்டில் ஐஸ்பெட்டி வாங்குபவருக்கும் அப்படியே பொருந்தும். 2,200-ஐ அடிப்படையாக வைத்து, வட்டி இவ்வளவு என்று வெளியே எழுதட்டும். அப்போது இரண்டு கடைகளை ஒப்பிட முடியும்.

நம் பக்கத்தில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விளம்பரங்களில் வரும் நல்ல சுழிய சதவீதத் திட்டங்கள் பெரும்பாலும் கிரெடிட் கார்டு வைத்திருப்பவர்களுக்கானவை. கார்டு எடுக்க ஆண்டு வருமானம் குறைந்தது 24,000 வெள்ளி வேண்டும், அதாவது மாதம் 2,000. குறைந்தபட்சச் சம்பளம் 2025-இல்தான் 1,700 வெள்ளியானது. செம்பனைத் தோட்டத்திலோ பக்கத்துத் தொழிற்சாலையிலோ அந்த 1,700-ஐ மட்டும் வாங்கும் ஒருவருக்கு ஆண்டுக்கு 20,400-தான் ஆகிறது. கார்டு கிடைக்காது. ஆகவே அவர் கடையோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் கடன் நிறுவனத்தின் பாரத்தை நிரப்புகிறார். அடையாள அட்டை நகலையும் மூன்று மாதச் சம்பளச் சீட்டையும் கொடுத்தால் சீக்கிரமே அனுமதி வந்துவிடும். அட்டையில் அதே 0% இருக்கும், கட்டணம் மட்டும் கூடுதலாக இருக்கலாம். கூடவே காப்புறுதி, நீட்டித்த வாரண்டி என்று ஒன்றிரண்டு வரிகள் சேர்ந்துகொள்ளலாம். குறைந்த சம்பளக்காரர்தான் அதிக வட்டி கட்டுகிறார். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் வருத்தம் தருவது இதுதான்.

பாரத்தைப் படித்தால் வட்டி தெரிந்துவிடாதா என்று கேட்கலாம். ஹயர் பர்ச்சேஸ் ஒப்பந்தமாக இருந்தால், 1967-ஆம் ஆண்டுச் சட்டப்படி கையெழுத்துக்கு முன்பே ரொக்க விலை, முன்பணம், வட்டித் தொகை எல்லாவற்றையும் எழுதித் தர வேண்டும். நல்ல சட்டம்தான். ஆனால் 'ஹர்கா துனாய்', அதாவது ரொக்க விலை, என்ற இடத்தில் 2,400 என்று எழுதிவிட்டால்? வட்டி என்ற இடத்தில் சுழியம் என்று போடலாம், தாளில் எல்லாம் பொருந்தும். கடைக்காரர் வாயால் சொன்ன 2,200 எந்தத் தாளிலும் ஏறவில்லை. அதனால்தான் பாரத்தை எவ்வளவு பொறுமையாகப் படித்தாலும் இந்த வட்டி அகப்படாது. ரொக்க விலையை வெளியிலிருந்துதான் கண்டுபிடிக்க வேண்டும்.

அதைக் கண்டுபிடிக்கும் முறைக்கு ஒரு வரிசை இருக்கிறது, அந்த வரிசை முக்கியம். கடைக்குள் போனதும் தவணையைப் பற்றிப் பேசக் கூடாது. முதலில் ரொக்கத்துக்குக் கடைசி விலை என்ன என்று மட்டும் கேளுங்கள். ரொக்கமாக வாங்கினால் ரைஸ் குக்கர் மாதிரி இலவசம் ஏதாவது உண்டா என்பதையும் கேளுங்கள், அதுவும் கழிவுதான். அந்த எண்ணைக் கைப்பேசியில் குறித்துக்கொண்ட பிறகு தவணைக்கு வாருங்கள். முதலிலேயே 'தவணையில் வேண்டும்' என்று சொல்லிவிட்டால், அதன்பின் ரொக்க விலை கேட்டாலும் '2,400-தாங்க, எல்லாம் ஒண்ணுதான்' என்ற பதில்தான் வரும்.

அந்தக் கடையில் உண்மையிலேயே இரண்டும் ஒன்றாக இருக்கலாம். அதை உறுதிப்படுத்த இன்னொரு இடத்தின் விலை வேண்டும். ஐஸ்பெட்டியின் முன்பக்கத்தில் நட்சத்திரங்கள் போட்ட மின்சக்தி ஆணையத்தின் ஸ்டிக்கர் இருக்கும். எல்லாரும் நட்சத்திரத்தை எண்ணிவிட்டு விட்டுவிடுவார்கள். அதே ஸ்டிக்கரில் மாடல் எண்ணும் இருக்கும். அதைப் படம் எடுத்து, ஈப்போவில் ஒரு கடைக்கு போன் செய்து கேளுங்கள், அல்லது இணையக் கடையில் தேடுங்கள். எண்ணின் கடைசி எழுத்துவரை ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் கொள்ளளவோ உள்தட்டோ வேறாக இருக்கலாம், அப்போது ஒப்பீடு கெட்டுவிடும். வெளியே 2,180-க்குக் கிடைக்கும் பொருள் இந்தக் கடையில் ரொக்கத்துக்கும் 2,400 என்றால், வட்டியை ரொக்கக்காரர் தலையிலும் சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

உண்மையான சுழியமும் இருக்கிறது. முன்பு சொன்ன மாதிரி, பொருளைச் செய்யும் நிறுவனம் விற்பனைக்காக அந்தச் செலவை ஏற்கும்போது இது நடக்கும். எந்தக் கடையில் போய்க் கேட்டாலும் காசு குறையாத கைப்பேசி மாடல்களில் இதை அதிகம் பார்க்கலாம். ரொக்கத்துக்கும் 2,400, தவணைக்கும் 2,400, வெளிக் கடைகளிலும் 2,400, கட்டணம் எதுவும் இல்லை என்றால் தாராளமாகத் தவணையில் எடுக்கலாம். கையில் பணம் இருந்தாலும் அதை வங்கியில் போட்டுவிட்டு மாதாமாதம் கட்டுவது லாபம்தான். பெரிய லாபம் என்று எண்ண வேண்டாம். நிரந்தர வைப்பில் ஆண்டுக்கு 2, 3 சதவீதம் என்றால், குறைந்துகொண்டே போகும் அந்தப் பணத்துக்கு 30 வெள்ளி சுற்றிக் கிடைக்கும்.

அந்த 30 வெள்ளியை ஒரே ஒரு தவறிய தவணை விழுங்கிவிடும். கார்டில் எடுத்திருந்தால், அந்த மாத 200 வெள்ளி மற்ற செலவுகளோடு சேர்ந்து அறிக்கையில் வரும். 'குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டினால் போதும்' என்று விட்டுவிட்டால், மீதிக்குச் சாதாரணக் கார்டு வட்டி ஓட ஆரம்பித்துவிடும். தேதி தவறினால் தாமதக் கட்டணமும் உண்டு: பாக்கியில் 1 சதவீதம், குறைந்தது 10 வெள்ளி, அதிகம் போனால் 100. கடன் நிறுவனத்தில் எடுத்திருந்தால் தாமதத்துக்கு என்ன விதி என்பது பாரத்தில்தான் இருக்கும். நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். சம்பளம் 7-ஆம் தேதி வருகிறது, தவணை 3-ஆம் தேதி என்று இருந்தால், கையெழுத்துக்கு முன்பே தேதியை மாற்றித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும். பிறகு கேட்டால் நடப்பது கடினம்.

சரி, ரொக்கம் இல்லை, பழைய ஐஸ்பெட்டி செத்துவிட்டது, வீட்டில் கைக்குழந்தைக்கான மருந்து குளிரில் இருக்க வேண்டும். அப்போது என்ன செய்வது? 272 வெள்ளி கொடுத்துத் தவணையில் வாங்குவது நியாயமான முடிவுதான். 272 என்று தெரிந்து கொடுக்கலாம். தெரிந்தால் பேரமும் பேசலாம். '2,200-ஐ வைத்துத் தவணை போடுங்கள், வட்டியைத் தனியாகச் சொல்லுங்கள்' என்று கேட்கலாம். கட்டணத்தைத் தள்ளச் சொல்லலாம். டவுனில் பல வருடமாகக் குடும்பத்தைத் தெரிந்த தவுக்கேவாக இருந்தால், பாதியை இப்போது கொடுத்து, மீதியை இரண்டு மூன்று சம்பளத்தில் ரொக்க விலைக்கே கட்டுகிறேன் என்று கேட்டுப் பார்க்கலாம். வங்கிக்குப் போகும் பங்கு மிஞ்சுவதால் அவருக்கும் அதில் நஷ்டம் அதிகமில்லை.

அவசரம் இல்லாத பொருள் என்றால் கணக்கு வேறு. பெரிய டிவி, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் துவைக்கும் மிஷினுக்குப் பதில் புதியது, இவற்றுக்கு அதே 200 வெள்ளியை மாதாமாதம் தனியாக எடுத்து வைத்தால் பதினோராவது மாதம் 2,200 சேர்ந்துவிடும். பன்னிரண்டாவது தவணையும் மிச்சம், 72 வெள்ளிக் கட்டணமும் மிச்சம்.

விளம்பரத்தில் 'கட்டணம் இல்லை' என்று போட்டுவிட்டு பாரத்தில் பணம் பிடித்திருந்தால் அது தனி விவகாரம். விலையைப் பற்றித் தவறாக வழிநடத்துவது 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி வழக்குப் போடலாம், வழக்கறிஞர் வேண்டியதில்லை. 50,000 வெள்ளி வரையுள்ள கோரிக்கைகளை அது விசாரிக்கும், மூன்று ஆண்டுகளுக்குள் போட வேண்டும். அங்கே போனால் வாய்ப்பேச்சு நிற்காது. ஆகவே கடை வாசலில் இருக்கும் அட்டையைக் கையெழுத்துப் போடும் நாளிலேயே தேதி தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். ரொக்க விலையை விற்பனையாளரிடம் வாட்ஸ்அப்பில் கேட்டு, பதிலை அழிக்காமல் வைத்திருங்கள். பாரத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். 72 வெள்ளிக்குத் தனி ரசீது தரச் சொல்லுங்கள், அதில் 'டெபாசிட்' என்று எழுதினால் ஏற்காதீர்கள். டெபாசிட் என்றால் அந்தத் தொகை விலையில் கழிந்திருக்க வேண்டும், தவணையும் 200-க்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும்.